குழந்தையைத் தூக்கும் கையில் கட்டைவிரல் பக்க வலி

பிரசவம் முடிந்து நாலு முதல் ஆறு வாரத்துக்குள் பல தாய்மார்களுக்கு மணிக்கட்டில் ஒரு வலி ஆரம்பிக்கிறது. சிலருக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலேயே வந்துவிடும். முதலில் சட்டைப் பட்டன் போடும்போதோ பாட்டில் மூடியைத் திருகும்போதோ கட்டைவிரலின் அடியில் சுருக்கென்று இருக்கும். அடுத்த சில நாட்களில் குழந்தையைக் கட்டிலிலிருந்து தூக்கும் நொடியில் முழங்கை வரைக்கும் வலி ஓடும். கை தானாகவே விட்டுவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு இருக்கும். அந்த பயம்தான் தாய்மார்களை மருத்துவரிடம் கொண்டுவருகிறது. தன் கை வலிக்கிறது என்பதற்காக வருகிறவர்கள் குறைவு. பிள்ளையைக் கீழே போட்டுவிடுவோமோ என்றுதான் வருகிறார்கள்.

அதற்குள் வீட்டில் வைத்தியம் நடந்து முடிந்திருக்கும். "சுளுக்குத்தான்டி, தலையைத் தூக்கிப் பிடிச்சதுல பிசகியிருக்கும். எண்ணெய் போட்டு நீவினா சரியாயிடும்" என்று அம்மா சொல்லியிருப்பார். "பச்சை உடம்போட பச்சைத் தண்ணியில கை வச்சா வேற என்ன வரும்" என்று மாமியார் சொல்லியிருப்பார். இரண்டுமே அக்கறையில் வந்த பேச்சு. ஆனால் இது சுளுக்கும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. அழுத்தி நீவினால் கூடத்தான் செய்யும். ஏன் என்று புரிய, உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கட்டைவிரலை விரித்து நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் ஒரு எலும்பு முனை மேடாகத் தட்டுப்படும். கட்டைவிரலை வெளிப்பக்கம் விரிக்கும் தசைநாண் ஒன்று, அதை நிமிர்த்தும் தசைநாண் இன்னொன்று, இரண்டும் அந்த முனையின் மேல் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் இறுக்கமான உறைக்குள் நுழைந்து போகின்றன. கட்டைவிரலை விரித்துவைத்தபடியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் இந்த இரண்டும் எலும்பின் விளிம்பில் வளைந்து, உறையின் கூரையோடு அழுந்தி உரசும். அந்த நிலையில் பாரமும் சேர்ந்து, அது நாளெல்லாம் நடந்தால் உறை தடித்துப்போகிறது. உள்ளே இடம் குறைகிறது, தசைநாண் வழுக்கிக்கொண்டு போக முடியாமல் இழுபடுகிறது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வான் 1895-ல் இதை எழுதினார். அவர் பெயரால்தான் மருத்துவர்கள் இன்றும் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு ஏன் இது இவ்வளவு வருகிறது? பிரசவத்தை ஒட்டி உடம்பில் நீர் தேங்குவதும், பாலூட்டும் காலத்து ஹார்மோன் மாற்றமும் உறையின் திசுவைப் பாதிக்கின்றன என்று கருதப்படுகிறது. அதை நம்மால் மாற்ற முடியாது. மாற்ற முடிந்தது கையின் வேலை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளில் பத்து முறை பால் கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் எடுப்பது, பக்கம் மாற்றுவது, ஏப்பம் விடவைக்கத் தோளில் போடுவது, திரும்பப் படுக்கவைப்பது என்று நாலு தூக்கல். அதுவே நாற்பது. ஈரத்துணி மாற்றுவது, அழுகையை அமர்த்துவது எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த பிள்ளை இரண்டாம் மாதத்தில் ஐந்து கிலோவை நெருங்குகிறது. பாரம் வாரந்தோறும் ஏறுகிறது, கைக்கு ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது.

வலி இதுதானா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். முன்கையை மேசை ஓரத்தில் வைத்து, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். மணிக்கட்டைத் தளர்த்திச் சுண்டுவிரல் பக்கமாகக் கீழே சாய விடுங்கள். அந்த எலும்பு முனையின் மேலேயே கூர்மையாக வலித்தால் சந்தேகம் வலுக்கிறது. அதே இடத்தை மறுகை விரலால் அழுத்தினாலும் குறிப்பாக அங்கேதான் வலிக்கும், மெல்லிய வீக்கமும் தட்டுப்படும். கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களால் அதை மூடிக்கொண்டு மணிக்கட்டைச் சாய்க்கும் சோதனைதான் எல்லாருக்கும் தெரிந்தது. அதில் நல்ல கைக்கே ஓர் இழுப்பு இருக்கும். அதனால் இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. இன்னொன்று: ஒரு தடவை செய்து பார்த்தால் போதும். "இன்னும் வலிக்குதா" என்று தினமும் நாலு தடவை செய்துபார்த்தே புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய்த் தூக்கத்தைக் கலைத்தால் அது மணிக்கட்டின் உள்பக்கத்தில் நரம்பு அழுந்துவது. அதுவும் கர்ப்ப காலத்தில் சகஜம், இதோடு சேர்ந்தும் வரலாம். கையின் முதுகுப்பக்கம், கட்டைவிரலை ஒட்டி மட்டும் எரிச்சலும் மரப்பும் இருந்தால் முதலில் வளையலைப் பாருங்கள். வளைகாப்பில் போட்ட வளையலோ கடிகாரப் பட்டையோ வீங்கிய கையில் இறுகி, தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். கழற்றிவிடுங்கள். கீழே கை ஊன்றி விழுந்த பிறகு வந்த வலி என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது. இடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு கை விரல் மூட்டுகளும் விறைத்துக்கிடந்தால் மூட்டுவாத நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் அது தலைதூக்குவது உண்டு.

இனி ஒரு தாயின் விஷயத்தை எடுத்து, என்ன செய்தோம் என்று வரிசையாகப் பார்க்கலாம். சிசேரியன், குழந்தைக்கு ஏழு வாரம், எடை 4.8 கிலோ. இடது மணிக்கட்டில் இரண்டு வாரமாக வலி. வலது கையிலும் லேசாக ஆரம்பித்துவிட்டது. வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் வேலைக்கு வலது கை வேண்டுமென்று குழந்தையை இடது கையில் ஏந்துவதால் இடது முந்திக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறோம். தாய்வீட்டில் இருந்தார். எண்ணெய் தேய்த்து நீவியதில் எலும்பு முனை மேல் நெல்லிக்காய் அளவுக்கு மேடு தெரிந்தது. ஒரு கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தார். கட்டைவிரல் வெளியேதான் இருந்தது.

சோதனை முடிந்ததும் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: பிள்ளையை எப்படி எடுக்கிறீர்கள், காட்டுங்கள். பாயில் கிடந்த குழந்தைக்கு முன் குனிந்தார். இரண்டு கையின் கட்டைவிரலையும் அகல விரித்து, குழந்தையின் இரு அக்குளிலும் கொடுத்தார். கட்டைவிரல் நெஞ்சுப்பக்கம், மற்ற நாலு விரலும் முதுகுப்பக்கம். அப்படியே மேலே தூக்கினார். தூக்கும்போது கை முன்னால் நீண்டிருந்தது, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருந்தது. மேலே சொன்ன மூன்றும் ஒரே நொடியில்: விரிந்த கட்டைவிரல், சாய்ந்த மணிக்கட்டு, பாரம். இதை நாளைக்கு நாற்பது தடவைக்கு மேல் செய்துகொண்டு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் பலன் நிற்காது.

மாற்றித் தூக்கும் முறை இது. முதலில் குழந்தைக்குப் பக்கத்தில் போய்விடுங்கள். பாயில் கிடந்தால் இடுப்பை மடித்துக் குனியாமல் ஒரு முழங்காலை ஊன்றி உட்காருங்கள். சிசேரியன் தையலுக்கும் அதுதான் நல்லது. குழந்தையை உங்கள் பக்கமாக மெல்ல ஒருக்களித்துப் புரட்டுங்கள். அப்போது முதுகுக்கும் பாய்க்கும் நடுவே இடம் கிடைக்கும். அந்த இடத்தில் ஒரு கையை உள்ளங்கை மேலே பார்க்கும்படி, தலைக்கும் தோளுக்கும் அடியில் நுழையுங்கள். விரல்கள் மட்டும் போகாமல் முன்கையும் பாதி உள்ளே போக வேண்டும். மறுகையை அதேபோலத் தொடைக்கும் புட்டத்துக்கும் அடியில் கொடுங்கள். இரண்டு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலை ஒட்டியே இருக்கட்டும். முறத்தில் அரிசியை அள்ளுவது மாதிரி கை முழுவதும் அடியில் இருக்க வேண்டும், எதையும் கவ்விப் பிடிக்கக் கூடாது. குழந்தையை நெஞ்சோடு சேர்த்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். தூக்கும் வேலையை முழங்கையும் தொடையும் செய்யும், மணிக்கட்டு நேராகவே இருக்கும்.

இறக்கும்போது கவனம் போய்விடும். தூங்கிய பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று கையை நீட்டி, விரல் நுனியில் தாங்கி மெல்ல வைப்பார்கள். மணிக்கட்டுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. முன்கை முதலில் படுக்கையில் படட்டும். உங்கள் உடம்பும் கூடவே தாழட்டும். பிறகு கையை உருவிக்கொள்ளலாம்.

அந்தத் தாய் இதை முதலில் தலையணையை வைத்துப் பழகினார். கட்டைவிரலையும் மணிக்கட்டையும் அசையாமல் பிடிக்கும் பட்டை ஒன்றைப் பின்னால் சொல்கிறோம். அதைப் போட்டுக்கொண்டு தூக்கும்போது பிடி வழக்கம்போல இருக்காது. எடுத்த எடுப்பில் குழந்தையோடு பழகினால் நழுவ வாய்ப்பிருக்கிறது. ஒரு நாள் தலையணை, அடுத்த நாள் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு குழந்தை என்று போனால் பயம் இல்லை.

தூக்கலுக்கு அடுத்தபடி வலியை வளர்ப்பது பாலூட்டும் நேரம். அசைவே இல்லாததால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. அவர் இடது உள்ளங்கையில் குழந்தையின் தலையைத் தாங்கி, மணிக்கட்டை உள்ளே மடக்கி, இருபது நிமிடம் அப்படியே வைத்திருந்தார். வலது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து மார்பைத் தாங்கிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு ஏன் வலிக்க ஆரம்பித்தது என்ற கேள்விக்கு விடை அங்கே கிடைத்தது.

இதற்குச் செய்தது எளிது. மடியில் இரண்டு தலையணை அடுக்கி, குழந்தை மார்பின் உயரத்துக்கு வந்துவிட வேண்டும். கை குழந்தையைத் தூக்கிப் பிடிக்காமல் அணைத்தபடி மட்டும் இருக்கும். தலை முழங்கை மடிப்பில் இருக்கட்டும், உள்ளங்கை புட்டத்தடியில் தளர்ந்து கிடக்கட்டும். மார்பைத் தாங்கும் கைக்குப் பதிலாக ஒரு சிறிய துண்டை உருட்டி மார்பின் அடியில் வைத்துக்கொண்டார். குழந்தை வாயில் சரியாகப் பிடித்துக்கொண்டதும் கையை எடுத்துவிடலாம். இரவில் ஒருக்களித்துப் படுத்துக் கொடுத்தால் கைக்கு வேலையே இல்லை. தூக்கம் அசத்தும் நேரத்தில் பக்கத்தில் இன்னொருவர் விழித்திருக்க வேண்டும், குழந்தையின் முகத்தை ஒட்டித் தலையணை, போர்வை இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் போனைப் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருப்பதையும் விட வேண்டும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் போனைத் தலையணையில் சாய்த்துவைத்து ஆள்காட்டி விரலால் தள்ளுங்கள்.

தூளியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சேலைத் தூளி ஆழமானது. குழந்தை அடியில் போய்க் கிடக்கும். மேலேயிருந்து இரண்டு கையையும் விட்டு அக்குளில் பிடித்துத்தான் எடுக்க வரும். தூளியின் அடிப்பகுதி உங்கள் இடுப்பு உயரத்துக்கு வரும்படி கட்டச் சொல்லுங்கள். துணியின் ஒரு பக்கத்தை முழங்கையால் நன்றாகத் தாழ்த்தி விரித்து, பக்கவாட்டிலிருந்து முன்கையை அடியில் கொடுத்து எடுங்கள். கை தேறும் வரைக்கும் தூளியிலிருந்து எடுக்கும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. ஆட்டுவதற்கு விரல்களால் துணியைப் பிடித்து இழுக்க வேண்டாம், முன்கையால் தள்ளினாலே தூளி ஆடும்.

குளிப்பாட்டும் வேலையைப் பெரும்பாலும் பாட்டி பார்த்துக்கொள்கிறார். காலை நீட்டி, குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவதை அவரிடமே விட்டுவிடலாம். தனியாக இருக்கும் தாய்மார்கள் நிறைந்த செம்பை ஒரு கையால் சாய்த்து ஊற்றுவதை விட்டுவிட்டு, லேசான பிளாஸ்டிக் மக்கில் பாதி மொண்டு ஊற்றுங்கள். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுதான் வீட்டு வேலைகளில் மிக மோசமானது. உறை தடித்த கையால் ஒரு வாளித் துணி பிழிந்தால் அன்றைய இரவு போய்விடும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அமுக்கி நீரை இறக்குங்கள், மிச்சம் கொடியில் சொட்டட்டும். மெஷின் இருந்தால் பிழிவதை அது செய்யட்டும். தேங்காய் துருவுவதும் கனமான குக்கரை ஒரு கையால் இறக்குவதும் ஒரு மாதத்துக்கு வேறொருவர் வேலை.

அடுத்தது பட்டை. மருந்துக் கடையில் மணிக்கட்டு வலி என்று கேட்டால் பெரும்பாலும் மணிக்கட்டை மட்டும் சுற்றும் எலாஸ்டிக் பேண்டைக் கொடுப்பார்கள், அல்லது நரம்பு அழுத்தத்துக்குப் போடும் பட்டையைக் கொடுப்பார்கள். இரண்டிலும் கட்டைவிரல் சுதந்திரமாக ஆடும், அதனால் இந்த வலிக்குப் பிரயோஜனம் இல்லை. கேட்டு வாங்க வேண்டியது தம்ப் ஸ்பைகா ஸ்பிளின்ட். முன்கையில் தொடங்கி மணிக்கட்டைக் கடந்து கட்டைவிரலின் நடு மூட்டு வரைக்கும் அது பிடிக்கும், நகம் இருக்கும் நுனி மூட்டு வெளியே மடங்கும். உள்ளே ஒரு கம்பியோ தகடோ இருக்கும். அதை மணிக்கட்டு நேராக, அல்லது கொஞ்சம் பின்பக்கம் நிமிர்ந்திருக்கும்படி வளைத்துக்கொள்ள வேண்டும். வலது, இடது என்று தனித்தனி, மணிக்கட்டின் சுற்றளவை அளந்து வாங்குங்கள். போட்ட பிறகு பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டாலோ கட்டைவிரலின் மேல்பக்கம் மரத்தாலோ தளர்த்துங்கள்.

முதல் மூன்று நாலு வாரம் குளிக்கும் நேரம் தவிர முடிந்தவரை போட்டிருக்க வேண்டும். பச்சைக்குழந்தையோடு அது நடக்காது என்பது எங்களுக்கும் தெரியும். அப்படியென்றால் குறைந்தபட்சம் தூங்கும்போதும், தூக்கல் அதிகமுள்ள நேரத்திலும் போடுங்கள். நாளுக்கு நாலைந்து முறை கழற்றி, வலிக்காத அளவுக்குக் கட்டைவிரலையும் மணிக்கட்டையும் ஒரு நிமிடம் மெல்ல அசையுங்கள், விறைப்பு ஏறாமல் இருக்கும். பால் சிந்தி ஊறி நாற்றம் எடுப்பது, வியர்வையில் தோல் சிவப்பது, ஒட்டும் பட்டையின் சொரசொரப்பு குழந்தையின் கன்னத்தில் உரசுவது, இந்த மூன்று காரணத்துக்காகவே பலர் ஒரு வாரத்தில் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். பழைய பருத்திக் காலுறையின் நுனியை வெட்டி, கட்டைவிரலுக்கு ஓர் ஓட்டை போட்டு உள்ளே ஒன்று அணியுங்கள். அதேபோல ஒன்றைப் பட்டையின் மேலே இழுத்துவிடுங்கள். இரண்டு மூன்று ஜோடி வைத்துக்கொண்டு தினமும் மாற்றலாம். அந்தத் தாய் பட்டையைக் கடைசி வரைக்கும் போட்டதற்கு இந்தக் காலுறைதான் காரணம்.

வலி கூடுதலாக இருக்கும் நாட்களில் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை அந்த எலும்பு முனையின் மேல் வைக்கலாம். கையில் ஐஸ் வைத்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்ற பயம் வேண்டாம், தாயின் கைக்குளிர்ச்சி பாலில் இறங்காது. மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் பாலூட்டும் தாய்க்குப் பொதுவாகக் கொடுக்கப்படுபவை. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, பிரசவத்தை ஒட்டி ரத்த அழுத்தம் ஏறியிருந்தவர்கள் இபுப்ரோஃபெனை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வலிக்குத் தடவும் ஜெல்லைப் பூசினால் குழந்தையின் வாயும் தோலும் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பாலூட்டுவதற்கு முன் கையைக் கழுவி, பூசிய இடத்தைத் துணியால் மூடிவிடுங்கள்.

அந்தத் தாய்க்குப் பத்து நாளில் இரவு வலி அடங்கியது. மூன்றாவது வாரத்தில் வலது கை முழுக்கச் சரியானது. அதற்கு மார்பின் அடியில் வைத்த துண்டே போதுமானதாக இருந்தது. இடது கை பாதியில் நின்றுவிட்டது. தூக்கும்போது தாங்கக்கூடிய வலி, ஆனால் போகவில்லை. பாலூட்டும் தாய்மார்களுக்குப் பட்டை மட்டும் போட்டால் தேறுவது மெதுவாகவே இருக்கும். பலருக்குப் பால் மறக்கும் காலத்தில் தானாகவே அடங்கிவிடுகிறது. அதற்காகப் பாலை நிறுத்தச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். இந்த வலிக்கு அவ்வளவு பெரிய விலை கொடுக்கத் தேவையில்லை, வேறு வழி இருக்கிறது.

அந்த வழி உறைக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி. பட்டையும் பழக்க மாற்றமும் மூன்று நாலு வாரம் பார்த்தும் போதாதபோது, அல்லது ஆரம்பத்திலேயே தூக்க முடியாத அளவுக்கு வலி இருக்கும்போது எலும்பு மருத்துவரோ கை அறுவை மருத்துவரோ இதைச் சொல்வார். மரத்துப்போகும் மருந்தோடு கலந்து சிறிதளவு மருந்தை அந்த எலும்பு முனை மேலுள்ள உறைக்குள் விடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிலேயே நல்ல குணம் தெரிகிறது, சிலருக்குச் சில வாரம் கழித்து இரண்டாவது தேவைப்படும். பலன் இல்லாமல் போவதற்கு ஒரு காரணம், சிலருடைய உறைக்குள் ஒரு தடுப்பு இருந்து, இரண்டு தசைநாணுக்கும் தனித்தனி அறையாகப் பிரிந்திருப்பது. மருந்து ஓர் அறையிலேயே நின்றுவிடும். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டு போட்டால் இரண்டுக்கும் மருந்து சேர்க்க முடியும்.

ஊசிக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் வலி முன்பைவிடக் கூடலாம். அந்த நாட்களில் குழந்தையைத் தூக்க ஆள் இருக்கும்படி தேதி வாங்குங்கள். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், அடியிலுள்ள கொழுப்பு கரைந்து லேசாகப் பள்ளம் விழலாம். நம் தோல் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் பல மாதங்களில் நிறம் திரும்பும், சிலருக்குத் தங்கியும் விடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில நாள் அளவு ஏறும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. சிலருக்கு ஓரிரு நாள் பால் குறைவதாகப் பதிவாகியிருக்கிறது. அப்படி நேர்ந்தால் அடிக்கடி குடிக்க வையுங்கள், திரும்பிவிடும். நம் தாய் நாலாவது வாரத்தில் இடது கைக்கு ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு நாள் வலி கூடி, பத்தாம் நாள் பாட்டில் மூடியைத் திருக முடிந்தது. ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய வெளுப்பு ஒன்று விழுந்தது.

அறுவை சிகிச்சை வரைக்கும் போகிறவர்கள் குறைவு. கையை மட்டும் மரக்க வைத்து, சிறிய கீறல் போட்டு உறையின் கூரையைத் திறந்துவிடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். உள்ளே தனி அறை இருந்தால் அதையும் தேடித் திறக்க வேண்டும், திறக்காமல் விட்டால் வலி அப்படியே இருக்கும். தோலுக்கு அடியில் ஓடும் நரம்பும் அந்த இடத்திலேயே இருப்பதால் கை அறுவையில் பழக்கமுள்ளவரிடம் போவது முக்கியம்.

வலி அடங்கியதும் பட்டையை ஒரே நாளில் கழற்றி எறியக் கூடாது. முதல் வாரம் பகலில் வேலையில்லாத நேரத்தில் கழற்றுங்கள், அடுத்த வாரம் வீட்டு வேலைக்கும் கழற்றுங்கள், இரவுக்கும் தூக்கலுக்கும் கடைசியாக. உடற்பயிற்சியும் அப்போதுதான். வலி இருக்கும்போது ரப்பர் பந்தைப் பிழியச் சொல்வதும், கட்டைவிரலை மடக்கி இழுத்து நீட்டச் சொல்வதும் உறையை மறுபடி உரசவைக்கும். அடங்கிய பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முன்கையை மேசையில் வைத்து, கட்டைவிரல் மேலே பார்க்க, மறுகையின் உதவியோடு மேலே தூக்கி, உதவி இல்லாமல் மூன்று விநாடியில் மெல்லக் கீழே இறக்குங்கள். பத்து முறை, நாளுக்கு இரண்டு வேளை. மறுநாள் காலை வலி கூடவில்லை என்றால் மூன்று நாலு நாள் கழித்துப் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஏற்றலாம். கூடினால் அளவைக் குறைத்து இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

குழந்தை எட்டு கிலோவைத் தாண்டி, இடுப்பில் உட்கார ஆரம்பிக்கும் மாதங்களில் வலி திரும்ப எட்டிப்பார்க்கலாம். அந்த வயதில் பிள்ளையே கையை நீட்டி வரும், நாமும் அக்குளில் பிடித்துத் தூக்கிவிடுவோம். குழந்தை நிற்கப் பழகியிருந்தால் அதை ஒரு படியிலோ தாழ்ந்த கட்டிலிலோ நிற்கவைத்து, ஒரு முன்கையைத் தொடையடியில் கொடுத்து, மறுகையால் முதுகை அணைத்து இடுப்புக்குக் கொண்டுவாருங்கள். பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதல் சுருக்கு தெரிந்த அன்றைக்கே மாட்டினால் ஒன்றிரண்டு வாரத்திலேயே அடங்குகிறது. அடுத்த பிரசவம் வந்தாலும் அதே பட்டை உதவும், ஒட்டும் பகுதி தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.